தேதியைப் புரட்டிப்போடும் மின்னஞ்சல்

துபாய் அலுவலகம் ஒன்றிலிருந்து அரபியில் ஒரு மின்னஞ்சல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் 9ஆம் தேதி கூட்டம். அரபி வாக்கியத்தின் நடுவில் அனுப்புகிறவர் 09-10-25 என்று தட்டுகிறார். திரையில் தெரிவதோ 25-10-09. பெறுகிறவர் அக்டோபர் 25 என்று குறித்துக்கொள்கிறார்.

தட்டியவர் மேல் தவறில்லை. எழுத்துகள் தட்டிய வரிசையிலேயேதான் கணினியில் பதிவாகின்றன. அவற்றைத் திரையில் எந்தப் பக்கமாக அடுக்குவது என்பதை யூனிகோடின் இருதிசை விதிகள் முடிவுசெய்கின்றன. அரபி எழுத்து வலமிருந்து இடம் போகும். ஆங்கிலமும் தமிழும் இடமிருந்து வலம். புள்ளி, அடைப்புக்குறி, இடைவெளி ஆகியவற்றுக்குச் சொந்தத் திசை கிடையாது. அக்கம்பக்கத்து எழுத்தையோ பத்தியின் திசையையோ பார்த்து அவை இடம்பிடிக்கின்றன.

முற்றுப்புள்ளி அலைவது இதனால்தான். இடமிருந்து வலம் போகும்படி அமைந்த பத்தியில் அரபி வாக்கியம் எழுதினால், கடைசிப் புள்ளி வலது ஓரத்தில், வாக்கியம் தொடங்கும் இடத்தில் போய் நிற்கும். அரபிப் பத்தியில் C++ என்று எழுதினால் ++C என்று தெரியும். அரபிக் கேள்விக்குறிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது அரபிக்கே உரிய தனிக் குறி என்பதால் திசையும் அதனுடன் வருகிறது.

புள்ளி இடம் மாறினால் கண்ணுக்கு உறுத்தும், அவ்வளவுதான். விண்டோஸில் வலப்பக்க ஷிஃப்ட்டுடன் கன்ட்ரோலை அழுத்தினால் பல செயலிகளில் பத்தியின் திசை மாறி, அரபி வாக்கியத்தின் புள்ளி சரியான இடத்துக்கு வந்துவிடும். ஆனால் தேதி அப்படித் திருந்தாது. ஓர் எண்ணுக்கு முன்னால் வரும் கடைசி எழுத்து அரபியாக இருந்தால், விதி அந்த எண்ணையும் அரபி எண்ணாகவே கருதுகிறது. அப்போது சிறுகோடு எண்களைச் சேர்த்துப் பிடிக்காது. மூன்று துண்டுகளும் தனித்தனியாகி வலமிருந்து அடுக்கப்படுகின்றன. தேதிக்குச் சற்று முன் ஓர் ஆங்கிலச் சொல் இருந்தால் அதே தேதி ஒழுங்காகத் தெரியும். ஒரே மடலில் இரண்டு விதமாகத் தெரிவதுதான் ஆளை ஏமாற்றுகிறது.

சந்தேகம் வந்தால் தேதியை மட்டும் நகலெடுத்து, வெற்று மடலில் தனி வரியாக ஒட்டிப் பார்க்கலாம். தட்டிய வரிசை அங்கே வெளிப்பட்டுவிடும்.

சிறுகோட்டுக்குப் பதில் சாய்கோடு போட்டால் 09/10/25 கலையாது. அதற்கான விதி வேறு. எச்டிஎம்எல் மடல் தயாரிப்பவர்கள் தேதிக்குத் திசையைக் கட்டிவைக்கலாம்:

```
<span dir="ltr">09-10-25</span>
```

ஆனால் மடல் வெற்று உரையாக மாறும்போது இந்தக் கட்டு உதிர்ந்துவிடும். எண்ணுக்கு முன்னால் U+200E என்ற கண்ணுக்குத் தெரியாத திசைக்குறியை வைத்தால் அது உரையோடு சேர்ந்தே பயணிக்கும்.

வளைகுடாவில் அரபி மடல்களோடு புழங்கும் தமிழர்கள் தேதியில் மாதத்தை எண்ணால் குறிக்காமல் பெயரால் எழுதுவதே நல்லது. சிறுகோட்டுத் தேதியோடு அரபி மடல் வந்தால், பயணச்சீட்டு எடுக்கும் முன் அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.