தோய்த்த எஃகு ஆறும் கணக்கு

செந்தணலாய்க் காய்ந்த எஃகை எண்ணெயிலோ நீரிலோ தோய்த்துக் கடினப்படுத்துவதைப் பட்டறைகளில் கண்டிருப்பீர்கள். அத்துண்டு ஆறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? இதைக் கணிக்க ஓர் எளிய முறை உண்டு. துண்டின் நடுவிலும் மேற்பரப்பிலும் எந்நொடியிலும் ஒரே வெப்பநிலை நிலவுகிறது என்று கொள்வதே அதன் அடிப்படை. இதனை 'மொத்தக் கொள்ளளவு முறை' எனலாம்.

8 மில்லிமீட்டர் விட்டமுள்ள நீண்ட ஊசி ஒன்றை 850 டிகிரியில் எடுத்து, 50 டிகிரி எண்ணெயில் இடுகிறோம். அதன் பருமனைப் பரப்பால் வகுத்தால் 2 மில்லிமீட்டர் கிடைக்கும். இதுவே கணக்குக்குரிய நீளம். எண்ணெய் சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 600 வாட் வெப்பத்தைக் கவரட்டும். எஃகின் அடர்த்தியையும் வெப்ப எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமார் 16 நொடிக்கு ஒருமுறை மிகுவெப்பம் தன்னில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே 800 டிகிரி வேறுபாடு 100 ஆக 32 நொடி செல்லும். அப்போது ஊசி 150 டிகிரியில் இருக்கும். இவ்விடை சரியே.

இனி, 40 மில்லிமீட்டர் தண்டு ஒன்றை அதே 850 டிகிரியிலிருந்து, 50 டிகிரியுள்ள கலக்கிய நீரில் இடுவோம். நீளம் 5 மடங்கு. நீர் கவரும் வெப்பமும் 5 மடங்கு, அதாவது 3,000 வாட். எனவே கணக்கு மீண்டும் 32 நொடி, 150 டிகிரி என்றே சொல்லும். உண்மையிலோ, அந்நேரத்தில் மேற்பரப்பு சுமார் 180 டிகிரியிலும் நடு சுமார் 330 டிகிரியிலும் இருக்கும். நடுவும் கடினமாகும் எஃகாயின், அது பின்னர் மாறி விரியும்போது, முன்னரே இறுகிய மேற்பரப்பு வெடிக்கவும் கூடும்.

பிழை எங்கே? எஃகுக்குள் வெப்பம் எவ்வளவு விரைவாய்க் கடக்கிறது என்பதைச் சூத்திரம் கேட்கவே இல்லை. அதைக் கேட்பது 'பியோ எண்'. திரவம் கவரும் அளவை மேற்கூறிய நீளத்தால் பெருக்கி, எஃகின் வெப்பக் கடத்துதிறனால் வகுக்க வேண்டும். காய்ந்த எஃகுக்கு இத்திறன் சுமார் 30. ஊசிக்குப் பியோ எண் 0.04, தண்டுக்கு 1. இது 0.1-க்குக் குறைவாயின் முறையை நம்பலாம். அதே தண்டை அசையாக் காற்றில் ஆறவிட்டால் எண் சுமார் 0.02 ஆகிவிடும், முறை பொருந்தும். ஆகவே, பொருத்தம் துண்டை மட்டும் பொறுத்ததன்று. குளிர்விக்கும் ஊடகத்தையும் பொறுத்தது.

ஒரு எச்சரிக்கை: திரவம் கவரும் அளவு நிலையானதன்று. முதலில் ஆவிப்படலம் துண்டைப் போர்த்தி வெப்பத்தைத் தடுக்கும். படலம் கிழிந்து திரவம் கொதிக்கும்போது அந்த அளவு பன்மடங்கு உயரும். எண்ணெயில் அது 2,000 வாட்டைத் தொட்டால், நம் ஊசியின் எண்ணும் 0.13 ஆகிவிடும். எனவே சராசரியைக் கொண்டன்று, அந்த உச்ச அளவைக் கொண்டே முறையின் பொருத்தத்தைச் சோதித்தல் வேண்டும்.