மனம் தளர்ந்த வேளையில் செய்ய வேண்டியவை

நமது கிராமங்களில் பயிருக்குத் தெளித்தது போக மீந்த பூச்சிமருந்து பெரும்பாலும் வீட்டிலேயே கிடக்கிறது. பரணிலோ, கட்டிலுக்கடியிலோ, மாட்டுக்கொட்டகையிலோ அதை வைத்து விடுகிறோம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருவருக்குத் தோன்றும் வேளையில் இந்த வழக்கமே பெரும் அபாயமாகிறது. அவ்வெண்ணம் பலநாள் மனத்தில் இருந்தாலும், அதைச் செய்து முடிக்கத் தூண்டும் வேகம் பெரும்பாலும் நீடிப்பதில்லை. சிலருக்குச் சில நிமிஷங்களிலும் பலருக்குச் சில மணி நேரத்திலும் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மருந்து கைக்கு எட்டாமலும், நம்பிக்கைக்குரிய ஒருவர் அருகிலும் இருந்தால் ஓர் உயிர் தப்புகிறது.

ஓர் உதாரணம் கொள்வோம். அறுவடைக்கு முன் பெய்த மழையில் ஒரு குடியானவருக்கு மூன்று ஏக்கர் சம்பா நெல்லும் சாய்ந்து அழுகிவிட்டது. அவர் உறக்கமின்றி இருக்கிறார், கடைத்தெருவுக்கு வருவதில்லை. ஒரு நாள் நிலப்பத்திரங்களை மனைவியிடம் எடுத்துக் கொடுத்து, “இனி என்னால் யாருக்கும் பாரம் இராது” என்கிறார். இதை விரக்திப் பேச்சென்று ஒதுக்கிவிடலாகாது. இத்தகைய சொல்லும் செயலும் எச்சரிக்கைகளே ஆகும்.

செய்தி அறிந்த பஞ்சாயத்து அங்கத்தினர் அன்று மாலையே அவர் வீட்டுக்குச் செல்கிறார். திண்ணையில் தனியே அமர்ந்து, “அண்ணே, உயிரோடு இருக்க வேண்டாமென்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்கிறார். இவ்வாறு கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. அடைத்து வைத்த துயரத்தைச் சொல்ல அது வழி திறக்கும். “ஆமாம்” என்று பதில் வந்தால், கடிந்து கொள்ளாமலும் புத்தி சொல்லாமலும் முழுவதும் கேட்க வேண்டும். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்களிக்கக் கூடாது. கடனைப் பற்றிய பேச்சைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். முதல் வேலை அந்த இரவைக் கடத்துவதே.

அவர் குடியானவரின் மனைவியையும் தம்பியையும் அழைத்து, இரவு முழுவதும் ஒருவர் துணை இருக்குமாறு ஏற்பாடு செய்கிறார். பிறகு அவரருகில் இருந்தபடியே 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேச வைக்கிறார். 2022ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த அரசாங்க மனநலச் சேவையில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மறுநாள் அவரை அரசாங்க மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் தாமே அழைத்துச் செல்கிறார். போலீஸ் வழக்கு வருமென்று அஞ்சி மறைப்போர் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதப்படுவார். தற்கொலைக்கு முயன்றதற்காக மட்டும் அவரைத் தண்டிக்க முடியாது.

அதே இரவில் தம்பி, பரணில் இருந்த மருந்து டின்களையும் எலி மருந்தையும் அடுத்த தெருவிலுள்ள தம் வீட்டில் பூட்டி வைத்து, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். வீட்டுக்குள்ளேயே ஒரு பெட்டியில் பூட்டினால் போதாதா என்று கேட்கலாம். இலங்கையின் கிராமங்களில் வீடுதோறும் பூட்டுப் பெட்டி கொடுத்துச் செய்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2017இல் வெளியாயிற்று. அதனால் விஷமருந்தும் சம்பவங்கள் குறையவில்லை. பெட்டியும் சாவியும் ஒரே வீட்டில் இருந்தால் தடை சிறிதே என்பது நமது கருத்து.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னையின் சிநேகா நிறுவனத்தார் வேறொரு முறையைச் சோதித்தனர். இரண்டு கிராமங்களில் பொதுக் கிடங்கு அமைத்து, விவசாயிகள் மருந்தை அங்கே பூட்டி வைத்து, வேண்டும்போது எடுத்துச் செல்லச் செய்தனர். 2013இல் வெளியான அறிக்கை, இதை மக்கள் ஏற்றனர் என்றும், தற்கொலைகள் குறைந்தன என்றும் காட்டிற்று. இரண்டே கிராமங்களில் செய்த சோதனையாதலால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது. ஆயினும் பஞ்சாயத்துக்கள் எடுத்துச் செய்யத்தக்க காரியம் இது. கிடங்கு அமையும் வரையில், அன்றன்றைய தெளிப்புக்கு வேண்டிய அளவே மருந்து வாங்கி, மீதியை வீட்டில் வைக்காதிருப்பது நல்லது.

யாரேனும் மருந்தை விழுங்கிவிட்டால் உடனே 108க்குச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கு ஆபத்தாகும். மருந்துப் புட்டியை மருத்துவரிடம் காட்டுவதற்காக உடன் எடுத்துச் செல்லுங்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அவ்வெண்ணம் இருந்தால், இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மருந்தை அவரிடமே ஒப்படையுங்கள். சொல்ல ஆள் இல்லையென்று தோன்றினால் 14416ஐ அழையுங்கள்.