மாடுலர் கிச்சன்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் எலிவேஷன் படத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

புது ஃபிளாட்டின் சாவி கைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் பெரிய செலவு மாடுலர் கிச்சன். டிசைனர் லேப்டாப்பில் வண்ணமயமான 3டி படம் காட்டுவார். அதோடு கறுப்புக் கோடுகளும் எண்களும் நிறைந்த ஒரு தாளும் வரும். நாம் 3டி படத்தைப் பார்த்துச் சரி சொல்வோம். தொழிற்சாலை பலகை வெட்டுவது அந்தக் கோட்டுத் தாளைப் பார்த்துத்தான். பலகை வெட்டியாகிவிட்டால் 10 மில்லிமீட்டர் மாற்றுவதும் கஷ்டம்.

அந்தத் தாளின் பெயர் எலிவேஷன். சுவருக்கு எதிரே நேராக நின்று பார்த்தால் தெரியும் தோற்றத்தை அளவுகளோடு வரைந்த படம் அது. பிளான் என்பது மேலிருந்து பார்ப்பது. அதில் அகலமும் ஆழமும் தெரியும், உயரம் தெரியாது. பெங்களூரில் ஒரு 2 பி.எச்.கே. ஃபிளாட் என்று வைத்துக்கொண்டு, அதன் கிச்சன் எலிவேஷனைப் படித்துப் பார்ப்போம்.

சுவரின் நீளம் எவ்வளவு?

பில்டர் கொடுத்த பிளானில் சமையல் சுவர் 10 அடி, அதாவது 3,048 மி.மீ. பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு டேப் வைத்துப் பார்த்தால் அவ்வளவு இருக்காது. தரையருகே, மேடை உயரத்தில், தலைக்கு மேலே என மூன்று இடத்தில் அளங்க. சுவர் நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பது அபூர்வம். மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் கணக்கு. நம் கிச்சனில் அது 3,010 மி.மீ.

இந்தச் சுவருக்கு டிசைனர் போட்ட வரிசை இப்படி: இடது ஓரத்தில் ஃப்ரிட்ஜுக்கு 750, அடுத்து டிஷ்வாஷர் 600, சிங்க் கேபினட் 600, டிராயர் 450, வலது சுவரை ஒட்டி ஹாப் கேபினட் 600. கூட்டினால் 3,000. மீதி 10. தாளில் பிரச்சினையே இல்லை.

அப்படியானால் தவறு எங்கே?

மூன்று இடங்களில். முதலாவது, ஹாப் சுவரை ஒட்டி இருக்கிறது. வலது பர்னரில் கடாய் வைத்தால் அதன் கைப்பிடி சுவரில் இடிக்கும். ஹாப்புக்கும் பக்கச் சுவருக்கும் இடையே 300 மி.மீ.யாவது இருந்தால்தான் தாராளமாகச் சமைக்கலாம்.

இரண்டாவது, கடைசி கேபினட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஃபில்லர் இல்லை. ஃபில்லர் என்பது கேபினட் நிறத்திலேயே வரும் ஒரு பலகைப் பட்டை, சுமார் 50 மி.மீ. அகலம். சுவர் கோணலாக இருந்தால் பொருத்தும் இடத்திலேயே இதைச் செதுக்கிச் சரிசெய்வார்கள். இது இல்லாவிட்டால் டிராயர் சுவரில் உரசும். கதவு முழுதாகத் திறக்காது.

மூன்றாவது, 600 மி.மீ. அகல டிஷ்வாஷருக்கு 600 மி.மீ. இடைவெளி. மெஷின் உள்ளே போனாலும் திரும்ப இழுக்க முடியாது. 610 வேண்டும்.

ஃப்ரிட்ஜ் விஷயத்தில் டிசைனர் சரியாகத்தான் செய்திருக்கிறார். 600 மி.மீ. அகல ஃப்ரிட்ஜுக்கு சுவர்ப் பக்கம் 100, மறுபக்கம் 50 விட்டிருக்கிறார். கதவு 90 டிகிரிக்கு மேல் திறந்தால்தான் உள்ளே இருக்கும் காய்கறி டிரே வெளியே வரும். சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் ஃப்ரிட்ஜின் மேனுவலைப் பாருங்கள்.

எப்படிச் சரிசெய்வது?

எதையும் இழக்க வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். ஃப்ரிட்ஜ் 750, சிங்க் 600, டிஷ்வாஷர் 610, ஹாப் 600, டிராயர் 400, ஃபில்லர் 50. கூட்டுங்கள்: சரியாக 3,010.

இப்போது டிஷ்வாஷருக்கு மேலே இருக்கும் 610 மி.மீ. மேடை, சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவே காய் நறுக்கும் இடமாகிறது. ஹாப் கேபினட் சுவரிலிருந்து 450 மி.மீ. தள்ளிப் போய்விட்டது. டிஷ்வாஷரின் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்து சிங்க் கேபினட்டுக்குள் போய்விடும். அதன் பிளக் பாயின்ட்டையும் அங்கேயே, குழாய்களைவிட உயரமாக வைக்கச் சொல்லுங்கள். மெஷினுக்கு நேர் பின்னால் வைத்தால் சுவிட்சை அணைக்கவே மெஷினை இழுக்க வேண்டியிருக்கும்.

முன்னால் இருக்கும் இடத்தையும் பிளானில் சரிபார்க்க வேண்டும். நம் கிச்சனின் அகலம் 2,100 மி.மீ., மேடையின் ஆழம் 600. மீதி 1,500. டிஷ்வாஷர் கதவு கீழ்நோக்கித் திறக்கும்போது சுமார் 600 எடுத்துக்கொள்ளும். பிறகும் 900 மி.மீ. இருப்பதால் ஒருவர் தாராளமாகக் கடந்து போகலாம்.

உயரக் கணக்கில் என்ன சிக்கல்?

இதுதான் எலிவேஷனில் மட்டுமே மாட்டும் தவறு. பேஸ் கேபினட்டை அடியிலிருந்து அடுக்கிப் பாருங்கள். கால்களை மறைக்கும் ஸ்கர்ட்டிங் 100, கேபினட் பெட்டி 720, கிரானைட் 20. மொத்தம் 840 மி.மீ. கிரானைட்டுக்குக் கீழே கிடைக்கும் இடம் 820தான். தனியாக நிற்கும் டிஷ்வாஷர் பலவற்றின் உயரம் சுமார் 845 மி.மீ. உள்ளே போகாது! சில மாடல்களில் மேல்மூடியைக் கழற்றலாம், எல்லாவற்றிலும் முடியாது.

தீர்வு எளிது. கேபினட் கால்கள் திருகி உயர்த்தக்கூடியவை. ஸ்கர்ட்டிங்கை 130 ஆக்கினால் கிரானைட்டுக்குக் கீழே 850 கிடைக்கும், மேடை உயரம் 870 ஆகும். ஆனால் சமைப்பவருக்கு அது ஒத்துவருகிறதா என்றும் பார்க்கணும். நின்றபடி முழங்கையை மடக்கினால், முழங்கையிலிருந்து 100 முதல் 150 மி.மீ. கீழே மேடை இருப்பது வசதி. முழங்கை உயரம் 1,000 மி.மீ. உள்ளவருக்கு 870 பொருந்தும்.

மேடைக்கு மேல் 600 விட்டு வால் கேபினட் தொடங்கினால், அதன் அடி தரையிலிருந்து 1,470 மி.மீ. சிம்னிக்குப் பெரும்பாலான மேனுவல்கள் அடுப்பிலிருந்து 650 முதல் 750 வரை கேட்கும். 700 எடுத்தால் சிம்னியின் அடி 1,570. ஆக, சிம்னியும் வால் கேபினட்டும் ஒரே கோட்டில் வராது. 3டி படத்தில் அழகுக்காக ஒரே கோட்டில் காட்டியிருந்தால் கேள்வி கேளுங்கள்.

இன்னொன்று: இந்தக் கணக்கு மேடையில் பதிக்கும் ஹாப்புக்கு. மேடை மேல் வைக்கும் சாதாரண கேஸ் ஸ்டவ் என்றால் ஸ்டவ்வின் உயரத்தையும் சேர்த்து பர்னரிலிருந்து அளக்க வேண்டும். இல்லையென்றால் சிம்னி தீக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன்

எல்லா உயரமும் டைல்ஸ் போட்ட தரையிலிருந்து அளந்ததா என்று கேளுங்கள். அகலங்களை நீங்களே கூட்டி, அளந்த சுவர் நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கருவியின் மாடல் எண்ணும் தாளில் இருக்கணும். "டிஷ்வாஷர் 600" என்று மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள்.

கடைசியாக ஒரு மாஸ்கிங் டேப் சுருள் வாங்கி, எலிவேஷனை அப்படியே உங்கள் சுவரில் ஒட்டுங்கள். 870இல் மேடைக் கோடு, 1,470இல் வால் கேபினட், கருவிகளுக்கான செங்குத்துக் கோடுகள். பிறகு வீட்டில் அதிகம் சமைப்பவரை அதன்முன் நிற்கச் சொல்லி, கையை நீட்டி, குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்போது ஒரு கோடு தப்பாகத் தெரிந்தால் டேப்பை உரித்து வேறிடத்தில் ஒட்டிவிடலாம்.