புதுச்சேரி கிராமக் கொம்யூன்களில் ஆட்டோ வாங்குதல்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் புதிதாக ஆட்டோ ஓட்ட வருபவர் வண்டியின் விலையைப் பார்ப்பதற்கு முன் பெர்மிட்டைப் பார்க்க வேண்டும். புதுச்சேரி மாவட்டம் ஒரே நிலப்பரப்பு அல்ல. அதன் பகுதிகளுக்கிடையே தமிழ்நாட்டு ஊர்கள் உள்ளன. பாகூர் மக்கள் பலர் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்வது கடலூருக்கு. ஒரு மாநிலத்தில் பெற்ற பெர்மிட், பொதுவாக, மற்ற மாநில அதிகாரியின் மேலொப்பம் இல்லாமல் அங்கே செல்லாது (மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 88). ஆகவே கடலூர் சவாரியை நம்பி வண்டி எடுப்பவர் இதை முதலில் போக்குவரத்துத் துறையில் கேட்டறிய வேண்டும்.

பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் அபராதத்தோடு முடிவதில்லை. அப்படி ஓடிய வண்டி விபத்துக்குள்ளானால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய ஆட்டோவைப் ‘பெர்மிட்டோடு சேர்த்து’ வாங்குவோர் சிக்குவதும் இங்கேதான். அதிகாரியின் அனுமதியின்றி பெர்மிட் பெயர் மாறாது (பிரிவு 82). வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வதால் உரிமை வராது.

எரிபொருள் தேர்வும் இதனுடன் பிணைந்தது. 2018 அக்டோபரில் மத்திய அரசு மின்கலத்தில் இயங்கும் போக்குவரத்து வாகனங்களுக்குப் பெர்மிட்டிலிருந்து விலக்கு அளித்தது. பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவை அப்போதும் தேவை. மின் ஆட்டோவும் இ-ரிக்‌ஷாவும் ஒன்றல்ல; பின்னது மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கு உட்பட்டது, கடலூர் சாலைக்கு ஏற்றதல்ல. மின் ஆட்டோவில் நிறுவனம் சொல்லும் தூரம் முழுச் சுமையில் கிடைக்காது. பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்வர ஏறத்தாழ 40 கி.மீ. ஆகும், நாளைக்கு மூன்று முறை போய்வந்தால் இடையில் சார்ஜ் ஏற்ற நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். வில்லியனூர் ரயில் நிலையம், கோயில், பக்கத்துக் கிராமங்கள் எனக் குறுந்தூரம் ஓடுபவருக்கு இந்தத் தொல்லை குறைவு. சி.என்.ஜி. வண்டியின் செலவு பெட்ரோலை விடக் குறைவானாலும், நிரப்பும் நிலையம் தொலைவில் இருந்தால் அந்தச் சேமிப்பு வெற்று ஓட்டத்தில் போய்விடும்.

கடனில் ஏமாறுவது வட்டியின் பெயரால். ரூ. 2,00,000 கடன், 36 மாதம், ‘10% பிளாட்’ என்றால் வட்டி ரூ. 60,000, மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 7,222. கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே கணக்கிடப்படுவதால், குறையும் நிலுவைக் கணக்கில் இது கிட்டத்தட்ட 18 விழுக்காடு. அதே கடனைக் குறையும் நிலுவையில் 11 விழுக்காட்டுக்கு வாங்கினால் தவணை ரூ. 6,548. மூன்றாண்டில் ஏறத்தாழ ரூ. 24,000 மிச்சம். அதாவது ‘10’ என்று சொல்லப்பட்டதே விலை கூடியது. 2024 அக்டோபர் முதல் இத்தகைய கடன்களுக்கு ஆண்டு மொத்த வட்டி விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. ஒப்பிடவேண்டியது அந்த ஒரு எண்ணைத்தான்.

மின் ஆட்டோவுக்குக் கடன் வாங்குபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மின்கல உத்தரவாதம் முடிந்த பிறகும் தவணை நீள்கிறதா என்பது. நீண்டால், மின்கலம் பழுதாகும் மாதத்தில் தவணையும் புது மின்கலச் செலவும் சேர்ந்து வரும்.