இயங்குநேரச் சதவீதமும் சேவை வரவும்: ஓர் ஒப்பந்தப் பிரதியை வாசித்தல்

ஒரு சிறு வணிக நிறுவனம் தன் கடையை இணையத்திலே நடத்துவதற்குப் பெருங்கம்பனி ஒன்றிடமிருந்து முகிற்கணினிச் சேவையை வாடகைக்குப் பெறுகையில், சேவைமட்ட ஒப்பந்தம் என்னும் ஆவணமொன்று அதனுடன் கூடவே வருகின்றது. அதன் முகப்பில் 99.9% என்றோ 99.99% என்றோ ஓர் எண் காணப்படும். வணிகர் அவ்வெண்ணை உத்தரவாதமாக வாசிக்கிறார். ஆயின் அப்பிரதி சொல்வது வேறு. தவறு நேராது என்று அது கூறவில்லை. தவறு எவ்வளவு நேர்ந்தால் விற்பவர் எவ்வளவு கழித்துக்கொடுப்பார் என்பதையே கூறுகின்றது. இவ்விரண்டுக்குமிடையிலான தூரத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சதவீதத்தை நோக்குவோம். முப்பது நாட் கொண்ட மாதத்தில் 43,200 நிமிடங்கள் உள்ளன. 99% எனின் அவற்றுள் 432 நிமிடங்கள், அதாவது ஏழு மணித்தியாலமும் 12 நிமிடமும், சேவை நின்றுபோகலாம். 99.9% எனின் 43 நிமிடங்கள், 99.99% எனின் நான்கு நிமிடங்களுக்குச் சற்று அதிகம். தசமப் புள்ளிக்குப் பின் ஓர் ஒன்பது கூடும்போது அனுமதிக்கப்பட்ட இடையூறு பத்திலொன்றாகக் குறைகின்றது. ஆயினும் எண் மட்டும் போதாது. எக்கால எல்லைக்குள் அது அளக்கப்படுகின்றது என்பதும் கேட்கப்படவேண்டும். 99.9% என்பது ஆண்டுக்கணக்கில் அளக்கப்படுமாயின், ஏறத்தாழ எட்டே முக்கால் மணித்தியாலம் ஒரே நாளில் நின்றுபோனாலும் ஒப்பந்தம் மீறப்பட்டதாகாது. மாதக்கணக்கே வாங்குபவருக்கு நன்மையானது.

அடுத்த வினா, ‘நின்றுபோதல்’ என்பது யாது என்பதாகும். இங்கேதான் பிரதியின் வரைவிலக்கணங்கள் தொழிற்படுகின்றன. அமேசன் கம்பனியின் எஸ்3 என்னும் களஞ்சியச் சேவையை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் ஒப்பந்தம் கடிகாரத்தை வைத்து அளப்பதில்லை. மாதத்தை ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் வாடிக்கையாளர் அனுப்பிய வேண்டுகோள்களுள் எத்தனைக்கு `InternalError` அல்லது `ServiceUnavailable` என்னும் வழுவிடை வந்தது என்று கணக்கிட்டு, அவ்வழு வீதங்களின் சராசரியை நூறிலிருந்து கழிக்கின்றது. வேண்டுகோள் எதுவும் அனுப்பப்படாத துண்டு வழுவற்றதாகவே கொள்ளப்படும். சேவை முடங்கியதைக் கண்டு கடையைத் தற்காலிகமாக மூடிவிடும் வணிகர், தம்மையறியாமலே விற்பவரின் சதவீதத்தை உயர்த்திவிடுகிறார். அதுபோலவே, சேவை இயங்குகின்றது, ஆனால் மிக மெதுவாக இயங்குகின்றது என்னும் நிலைக்கு இவ்வளவீட்டில் இடமில்லை. வழுவிடை வந்தாலன்றி அது வழுவாகாது.

இவ்விதிகள் நடைமுறையில் எவ்வாறு அமைகின்றன என்பதை 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி நிகழ்ந்த சம்பவம் தெளிவாகக் காட்டும். அன்று அமெரிக்காவின் வட வேர்ஜீனியப் பிராந்தியத்தில் எஸ்3 முடங்கியது. அச்சேவையின் கட்டணக் கணக்கீட்டுப் பகுதி மெதுவாக இயங்கியமையை ஆராய்ந்துகொண்டிருந்த ஊழியரொருவர், சில கணினிகளை மாத்திரம் விலக்கும் கட்டளையொன்றைத் தட்டெழுதியபோது அதில் ஓர் உள்ளீடு பிழைத்தது. எதிர்பார்த்ததினும் கூடுதலான கணினிகள் விலக்கப்பட்டன. பொருள்கள் எங்கேயுள்ளன என்பதைக் காட்டும் சுட்டித் தொகுதி உட்பட இரு தொகுதிகள் முழுமையாக மீளத் தொடக்கப்படவேண்டியதாயின. பசுபிக் நேரப்படி காலை 9.37க்குத் தொடங்கிய இடையூறு பிற்பகல் 1.54க்கே முற்றாக நீங்கியது. கம்பனியின் சேவைநிலை அறிவிப்புப் பலகையும் எஸ்3இல் தங்கியிருந்தமையால், ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் அப்பலகையையே உரியவாறு புதுப்பிக்க முடியவில்லை.

அப்பிராந்தியத்திலே தன் படங்களைக் களஞ்சியப்படுத்தியிருந்த ஒரு சிறு புகைப்பட அச்சுக்கடையைக் கற்பனை செய்வோம். அதன் மொத்த மாதக் கட்டணம் 200 டொலர். அதில் எஸ்3இற்குரியது 40 டொலர். நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலங்களில் 600 டொலருக்கு விற்பனை நடைபெறுகின்றது. இடையூறு 257 நிமிடங்கள் நீடித்தது. அந்நேரம் முழுவதும் கடை வேண்டுகோள்களை அனுப்பியது எனவும், ஒவ்வொன்றும் வழுவிடை பெற்றது எனவும் கொண்டாலும், 28 நாட் கொண்ட அம்மாதத்தின் 40,320 நிமிடங்களில் அது 0.64% மட்டுமே. எனவே மாத இயங்குநேரம் 99.36%. வாக்களிக்கப்பட்டது 99.9% ஆகையால் ஒப்பந்தம் மீறப்பட்டது உண்மை. ஆனால் 99.0%க்குக் கீழிறங்காதவரை கிடைக்கும் வரவு 10% மட்டுமே. அடுத்த படியாகிய 25%ஐ அடைவதற்கு அம்மாதத்தில் ஆறே முக்கால் மணித்தியாலமளவு முடங்கியிருக்கவேண்டும். பத்துச் சதவீதமும் மொத்தக் கட்டணத்திலன்றி முடங்கிய சேவைக்குரிய கட்டணத்திலேயே கணிக்கப்படும். ஆக, கடை இழந்த விற்பனை ஏறத்தாழ 257 டொலர். பெறத்தக்க வரவு 4 டொலர்.

இந்நான்கு டொலரும் தானாக வந்துசேர்வதில்லை. சம்பவம் நிகழ்ந்த மாதத்தின் பின்னான இரண்டாம் கட்டணச் சுற்று முடிவதற்குள் `SLA Credit Request` என்னும் தலைப்பில் கோரிக்கை அனுப்பவேண்டும்; வழு நிகழ்ந்த திகதிகளையும் நேரங்களையும் குறிக்கவேண்டும்; வழுக்களைக் காட்டும் வேண்டுகோட் பதிவுகளை இணைக்கவேண்டும். அளக்குங் கருவிகள் அனைத்தும் விற்பவரிடமிருக்க, நிரூபிக்கும் பாரம் வாங்குபவர்மீது சுமத்தப்படுகின்றது. பதிவு வைத்திராதவர் கோரமுடியாது. கிடைக்கும் வரவும் பொதுவாகப் பணமாகத் திரும்புவதில்லை. எதிர்காலக் கட்டணத்திலேயே கழிக்கப்படும். நட்டமடைந்தவர் அவ்விழப்பீட்டைத் துய்ப்பதற்கு அதே சேவையை மேலும் வாங்கிக்கொண்டிருத்தல் வேண்டும். மேலும், இவ்வரவே ஒரேயொரு பரிகாரம் என்னும் வாசகமும் ஒப்பந்தத்தில் உண்டு. அவ்வாசகமே பிரதியின் மையம் எனலாம். அபராதம் போலத் தோன்றுவது உண்மையில் விற்பவரின் பொறுப்புக்கு இடப்பட்ட உச்ச வரம்பாகின்றது.

இதிலிருந்து ஒப்பந்தம் பயனற்றது என்னும் முடிவுக்கு வருதல் தவறாகும். விற்பவர் எந்த மட்டத்தைக் கருத்திற்கொண்டு தம் அமைப்பை நிறுவியுள்ளார் என்பதை அது ஓரளவு புலப்படுத்தும். ஆயின் அதைக் காப்புறுதிப் பத்திரமாகக் கொள்ளலாகாது. இரு சேவைகளில் ஒருங்கே தங்கியிருக்கும் கடையொன்றுக்கு ஒவ்வொன்றும் 99.9% எனின், அவை தனித்தனியே பழுதுறும்போது கடை பெறுவது 99.8% அளவே; அதாவது மாதத்துக்கு 86 நிமிட இடையூறு எதிர்பார்க்கத்தக்கது. இக்கூட்டுக்கணக்கை எந்தத் தனியொப்பந்தமும் செய்துகாட்டுவதில்லை.

ஆகவே கையொப்பமிடுமுன் வாங்குபவர் செய்யவேண்டியது, ஒரு மணித்தியாலம் கடை மூடியிருந்தால் தமக்கு நேரும் இழப்பைக் கணித்து, அதனை உயர்ந்தபட்ச வரவுடன் ஒப்பிடுவதாகும். இழப்பு பன்மடங்காயின், ஒன்பதுகள் மிகுந்த வேறொரு ஒப்பந்தத்தைத் தேடுவதால் அவ்விடைவெளி நிரம்பாது. முக்கிய தரவுகளின் பிரதியை வேறொரு பிராந்தியத்தில் வைத்திருத்தலும், விற்பவரின் அமைப்புக்கு வெளியிலிருந்து சில நிமிடங்களுக்கொருமுறை கடையைச் சோதித்துப் பதிவுசெய்தலும், வேண்டுகோட் பதிவுகளைப் பேணுதலுமே அதனைக் குறைக்கும். இவற்றுக்கு ஆகும் செலவும் சேவையின் விலையே. ஒப்பந்தத்தின் விலைப்பட்டியலில் அது எழுதப்படவில்லை என்பதே வேறுபாடு.