சப்போர்ட் வேலையில் நீங்கள் மாற்றியது என்ன?

சென்னை ஓஎம்ஆரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் நாலைந்து வருடம் சப்போர்ட் புராஜெக்டில் இருந்தவரின் ரெஸ்யூமேயை எடுத்துப் பாருங்கள். ‘இன்சிடென்ட் மேனேஜ்மென்ட், பேட்ச் மானிட்டரிங், எஸ்எல்ஏ நேரத்துக்குள் டிக்கெட் முடித்தல்’ என்று வரிகள் இருக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் அதே டீமில் இருக்கும் மற்றவர்களின் ரெஸ்யூமேயிலும் இதே வரிகள்தான் இருக்கும். ப்ராடக்ட் கம்பெனியில் அதைப் படிப்பவருக்கு, இவர் அங்கே இருந்ததால் என்ன மாறியது என்பது மட்டும் தெரியாது.

இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. சப்போர்ட் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அளக்கப்படுவது, டிக்கெட் எவ்வளவு சீக்கிரம் மூடப்பட்டது என்பதுதான். அதே கோளாறு அடுத்த வாரம் திரும்பி வந்தால் அது புது டிக்கெட். அதையும் நேரத்துக்குள் மூடினால் ரிப்போர்ட் பச்சையாகவே இருக்கும். ப்ராடக்ட் கம்பெனிக்கு மென்பொருள் சொந்தச் சொத்து. திரும்பத் திரும்ப வரும் கோளாறு அவர்கள் கைச்செலவு. அதனால் அவர்கள் கேட்பது வேறு: அது ஏன் வந்தது, திரும்ப வராமலிருக்க என்ன செய்தீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் பலரிடம் இருக்கிறது. எழுதத்தான் தெரிவதில்லை. ஓர் உதாரணத்தை முழுக்கப் பார்ப்போம்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் சப்போர்ட் புராஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் கட்ட வேண்டியவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப, இரவு ஒரு மணிக்கு ஒரு பேட்ச் ஓடும். மூன்று மணி நேரத்தில் முடியாவிட்டால் சிஸ்டமே அதை நிறுத்திவிடும். நைட் ஷிஃப்டில் இருப்பவருக்கு டிக்கெட் வரும், அவர் ரீஸ்டார்ட் செய்வார், விட்ட இடத்திலிருந்து பேட்ச் தொடரும், டிக்கெட் மூடப்படும். பல வருடமாக இப்படியே நடக்கிறது.

அந்த டீமில் ஒரு பெண் ஆறு மாத டிக்கெட்டுகளை வரிசையாக எடுத்துப் பார்க்கிறார். எல்லாமே மாதத்தின் கடைசி மூன்று நாட்களில் வந்தவை. அன்றுதான் அதிக பாலிசிகளுக்குக் கெடு முடிகிறது. சரி, எண்ணிக்கை கூடினால் நேரம் கூடும், ஆனால் இவ்வளவா? டேட்டாபேஸ் அந்தக் கேள்வியை எப்படி நிறைவேற்றுகிறது என்று எக்ஸிகியூஷன் பிளானில் பார்த்தால், `TABLE ACCESS FULL` என்று இருக்கிறது. ஒவ்வொரு பாலிசிக்கும் டேபிள் முழுவதையும் படிக்கிறது. பாலிசி எண்ணுக்கு இண்டெக்ஸ் இருந்தும் அதைத் தொடவில்லை. சுருக்கினால் கோட் இப்படி இருந்தது:

```sql
SELECT phone FROM policy
WHERE policy_no = 10045678;
```

`policy_no` என்ற பத்தி `VARCHAR2`, அதாவது எழுத்துவகை. கேட்பதோ எண்ணாக. ஆரக்கிள் இந்த நிலையில் பத்தியில் உள்ள ஒவ்வொரு மதிப்பையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். அப்போது சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. எண்ணை மேற்கோளுக்குள் `'10045678'` என்று எழுத்தாக அனுப்பினால் போதும். அவர் மாற்றத்தை எழுதுகிறார், யுஏடியில் ஓட்டிப் பார்க்கிறார், கிளையன்ட்டின் சேஞ்ச் கமிட்டியில் அனுமதி வாங்குகிறார். அடுத்த மாதக் கடைசியில் பேட்ச் இருபது நிமிடத்தில் முடிகிறது.

பழைய பழக்கப்படி இவர் ரெஸ்யூமேயில் எழுதுவது: ‘பேட்ச் ஜாப்களை மானிட்டர் செய்து, கோளாறுகளைச் சரிசெய்தேன்.’ எழுத வேண்டியது: ‘மாதக் கடைசியில் மூன்று மணி நேரக் கெடுவுக்குள் முடியாமல் நின்ற பிரீமியம் நினைவூட்டல் பேட்ச்சை, டேட்டா வகை முரண்பாட்டைக் கண்டுபிடித்துத் திருத்தி, 20 நிமிடமாகக் குறைத்தேன், அதன்பின் ஆறு மாதக் கடைசிகளில் ஒரு ரீஸ்டார்ட் டிக்கெட்டும் வரவில்லை.’ கூகுளில் மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் சொல்லும் வடிவமும் இதுதான்: எதைச் சாதித்தீர்கள், அதை எதைக்கொண்டு அளந்தீர்கள், என்ன செய்து சாதித்தீர்கள். மூன்றில் நடுவில் உள்ளதைத்தான் சப்போர்ட்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். இத்தனைக்கும் தேதியும் நேரமும் போட்ட டிக்கெட் வரலாறு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதக் கடைசியை மாதக் கடைசியோடுதான் ஒப்பிட வேண்டும். மாத நடுவின் அமைதியான வாரத்தைக் காட்டி ‘டிக்கெட் குறைந்தது’ என்றால் அது கணக்காகாது. அதே வாரத்தில் சர்வரையும் மாற்றியிருந்தால், வேகத்தில் எவ்வளவு உங்கள் திருத்தத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ‘கிளையன்ட்டுக்குப் பல லட்சம் மிச்சம்’ என்று மேனேஜர் ரிவ்யூவில் சொன்ன தொகையை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அது எப்படி வந்தது என்று கேட்டால் விளக்க முடியாது. நீங்களே எண்ணிப் பார்த்த சின்ன எண் அதைவிடப் பலமானது.

ஏனென்றால் இன்டர்வியூவில் அந்த வரியைத்தான் தோண்டுவார்கள். நல்ல இன்டர்வியூவர் கேட்கக்கூடியவை: இது டேட்டாபேஸ் லாக் பிரச்சினை இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கோடைத் தொட அனுமதி கிடைக்காமல் போயிருந்தால்? பத்தியை எண்ணாக மாற்றிப் பார்க்கும் தனி இண்டெக்ஸ் ஒன்றைப் போட்டிருக்கலாம். ஆனால் எழுத்து கலந்த பாலிசி எண் ஒன்றே ஒன்று உள்ளே இருந்தாலும் `ORA-01722` என்று அது நின்றுவிடும் என்று உங்களால் சொல்ல முடிந்தால், அந்த வேலையை நீங்கள்தான் செய்தீர்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்காது. மிகைப்படுத்தி எழுதியவர் இரண்டாவது ‘ஏன்’ வரும்போதே தடுமாறுவார்.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. பணிவு என்று நினைத்து எல்லாவற்றுக்கும் ‘நாங்கள்’ போடுவோம். கேட்பவருக்கு அதில் உங்கள் பங்கு தெரியாது. ‘காரணத்தைக் கண்டுபிடித்தது நான், திருத்தத்தைச் சரிபார்த்தது டிபிஏ, அனுமதி வாங்க லீட் உதவினார்’ என்று பிரித்துச் சொல்வதில் கர்வம் எதுவும் இல்லை.

கிளையன்ட் திருத்தத்தை ஏற்கவில்லை என்றால்? பல புராஜெக்டுகளில் அதுதான் நடக்கும். அப்போதும் காரணத்தைக் கண்டுபிடித்தது உங்களுடையதுதான். நிராகரிக்கப்பட்டதைச் சொல்லி, அதன்பின் ரீஸ்டார்ட்டைத் தானியங்கியாக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள். கூகுள் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங் புத்தகத்தில், கையால் திரும்பத் திரும்பச் செய்யும் இத்தகைய வேலைக்கு ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. ஒரு பொறியாளரின் நேரத்தில் அது பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது அவர்கள் வைத்த வரம்பு. எஸ்ஆர்இ, பிளாட்ஃபார்ம் டீம் போன்ற வேலைகளுக்கு ஆள் எடுப்பவர்கள் நைட் ஷிஃப்ட் அனுபவத்தை மதிப்பது இதனால்தான். சப்போர்ட்டிலிருந்து நேராக டெவலப்பர் வேலைக்குப் போவதைவிட இந்த வாசல் பலருக்குப் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து.

டெவலப்பர் வேலைதான் வேண்டும் என்றால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவும் உங்களை இன்டர்வியூ வரைக்கும்தான் கொண்டுபோகும். பல ப்ராடக்ட் கம்பெனிகளில் முதலில் வருவது கோடிங் ரவுண்டு. அங்கே உங்கள் பேட்ச் கதையைக் கேட்க ஆள் இருக்காது. அதற்குப் பயிற்சி தனியாக வேண்டும். நோட்டீஸ் பீரியட் மூன்று மாதமாக இருக்கும் கம்பெனியில் இருப்பவர், ஆஃபர் வருவதற்கு வெகு முன்பே அதைத் தொடங்கிவிட வேண்டும்.

எண்களையும் வேலையில் இருக்கும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் லாகின் போய்விடும். ஆனால் ஸ்கிரீன்ஷாட், லாக், கிளையன்ட்டின் கோட் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். அது ஒப்பந்த மீறல், வேலையையே பறித்துவிடும். கிளையன்ட் பெயரும் தேவையில்லை. ‘ஒரு காப்பீட்டு நிறுவனம்’ என்றாலே கேட்பவருக்குப் போதும். இதே எச்சரிக்கையோடுதான் நாளைக்கு அவருடைய கம்பெனியைப் பற்றியும் பேசுவீர்கள் என்று அவர் புரிந்துகொள்வார்.