சிசேரியன் தழும்பில் ஒரு வீக்கம்

சிசேரியன் ஆகிச் சில வருடங்கள் கழித்து, பழைய தழும்பின் பக்கத்தில் வயிறு லேசாகப் புடைக்கிறது. நின்றால், இருமினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் தெரிகிறது; படுத்தால் உள்ளே போய்விடுகிறது. பிரசவத்துக்குப் பிறகு விழுந்த தொப்பை என்றோ வாயு என்றோ நினைத்து, ஒரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் இருந்துவிடும் பெண்கள் உண்டு. தழும்பில் வந்த குடலிறக்கமாக இருக்கலாம் என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. ஹெர்னியா ஆண்களுக்கு, அதுவும் இடுப்புக்குக் கீழேதான் வரும் என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம்.

வயிற்றுத் தசைகளைச் சுற்றி வெள்ளையாக, தடிப்பாக ஓர் உறை இருக்கிறது. குடலை உள்ளே நிறுத்தி வைப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். வயிற்றைத் திறக்கும்போது அறுபடுவதும் கடைசியில் கவனமாகத் தைக்கப்படுவதும் அந்த உறைதான். தோல் பத்து நாளில் ஒட்டிவிடும். உறைக்கு அவ்வளவு வேகம் கிடையாது. இரண்டு மாதத்தில் பழைய வலிமையில் ஏறக்குறையப் பாதிதான் திரும்புகிறது. ஒரு வருடம் ஆனாலும் சுமார் 80 சதவீதம்தான். முதல் சில வாரங்கள் அதை இழுத்துப் பிடித்திருப்பது நூல் மட்டுமே. அந்த நேரத்தில் தையல் புண்ணில் சீழ் வைத்தாலோ, விடாத இருமல் வந்தாலோ, மலச்சிக்கலால் தினமும் முக்க வேண்டியிருந்தாலோ, நூல் உறையை அறுத்துக்கொண்டு விலகிவிடும். வெளியே தோல் ஒழுங்காக மூடியிருக்கும், உள்ளே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அது வீக்கமாகக் கண்ணில் பட மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும்.

யாருக்கு வரும் என்பதில் வெட்டு எந்தத் திசையில் போனது என்பது பெரிய விஷயம். இன்று பெரும்பாலான சிசேரியன்கள் அடிவயிற்றில் குறுக்காகக் கீறிச் செய்யப்படுகின்றன. டென்மார்க்கில் நாடு முழுவதும் உள்ள பதிவேடுகளை வைத்துப் பார்த்தபோது, சிசேரியனுக்குப் பிந்தைய பத்து வருடங்களில் ஹெர்னியாவுக்காக ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆயிரத்தில் இரண்டு பேர்தான். தொப்புளிலிருந்து கீழே நேராக இறங்கும் வெட்டு அப்படியல்ல. பொதுவாக வயிற்றின் நடுக்கோட்டில் நேராகத் திறக்கும் ஆபரேஷன்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்காவது பின்னால் ஹெர்னியா வருகிறது. இதோடு உடல் பருமன், சர்க்கரை, புகை, ரத்தசோகை, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வெட்டு ஆகியவை சேர்ந்தால் வாய்ப்பு கூடும். என்னைக் கேட்டால், இவற்றில் முதலில் கவனிக்க வேண்டியது தையல் புண்ணில் வரும் கிருமித்தொற்று. குழந்தை பெற்ற பத்தாம் நாள் தழும்பில் நீர் கசிந்தால், 'தானா காஞ்சிடும்' என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு இருந்துவிடக் கூடாது. அன்றே போய்க் காட்ட வேண்டும்.

உதாரணமாக, 41 வயதுப் பெண் ஒருவர். இரண்டு சிசேரியன், இரண்டுமே நேர்வெட்டு. இரண்டாவதில் தையல் பிரிந்து ஒரு மாதம் கட்டுப்போட்டிருக்கிறார்கள். இப்போது தொப்புளுக்குக் கீழே ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வீக்கம், மாலையானால் இழுத்துப் பிடிக்கும் வலி. டாக்டர் அவரைப் படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்கிறார். தழும்புக்கு அடியில் விரலை வைத்தால் இடைவெளியின் ஓரம் வளையமாகத் தட்டுப்படுகிறது. பிரசவத்தில் இரண்டு பக்கத் தசைகளும் வெறுமனே விலகிப் போயிருந்தால், நடுவில் நீளமான மேடு எழும்புமே தவிர இப்படி ஓரம் தட்டுப்படாது. அந்த விலகலில் குடல் சிக்கும் ஆபத்தும் இல்லை. சி.டி. ஸ்கேனில் இவருடைய இடைவெளியின் அகலம் 5 சென்டிமீட்டர். எடை கூடுதல், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.4.

'நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடலாமா டாக்டர்?' என்று கேட்கிறார் அவர். 'இல்லம்மா, மூணு மாசம் போகட்டும். சுகரும் எடையும் குறையட்டும்' என்று பதில் வருகிறது. அலைக்கழிப்பதாக அவருக்குத் தோன்றலாம். ஆனால் இதுதான் சரியான பதில். சர்க்கரை இந்த அளவில் இருக்கும்போது தைத்தால், முதல் முறை தையலைப் பிரித்த அதே தொற்று மறுபடியும் வரும். பொதுவாக எச்பிஏ1சி எட்டுக்குக் கீழே வர வேண்டும் என்று பார்ப்பார்கள். புகைப்பவர் என்றால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

அடுத்து, எப்படிச் சரிசெய்வது? நைந்துபோன புடவையில் கிழிசலின் இரண்டு ஓரத்தையும் இழுத்துத் தைத்தால் தையலுக்குப் பக்கத்திலேயே மறுபடி கிழியும்; அடியில் ஒரு துண்டு வைத்துத் தைக்க வேண்டும். வயிற்றிலும் அந்தத் துண்டு தேவை. அதுதான் மெஷ் என்கிற செயற்கை வலை. நெதர்லாந்தில் 6 சென்டிமீட்டருக்கு மேற்படாத ஹெர்னியாக்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பத்து வருடத்தில், தையல் மட்டும் போட்டவர்களில் 63 சதவீதம் பேருக்கு ஹெர்னியா திரும்ப வந்தது. வலை வைத்தவர்களில் 32 சதவீதம். வலை வைத்தும் மூன்றில் ஒருவருக்கு வந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மறுபடி வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

வலை இடைவெளியைத் தாண்டி எல்லாப் பக்கமும் சுமார் 5 சென்டிமீட்டர் பரவ வேண்டும் என்பது பொதுக் கணக்கு. இந்தப் பெண்ணுக்கு 5 சென்டிமீட்டர் இடைவெளி, இரு புறமும் ஐந்து ஐந்து. ஆக அகலம் 15 சென்டிமீட்டர். அதைத் தசைக்குப் பின்னால், குடல் படாத அடுக்கில் விரிப்பது நல்ல முறை. பழைய தழும்பையே திறந்தும் செய்யலாம், லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். துளை வழியாகச் செய்தால் புண்ணில் தொற்று குறையும், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். லேப்ராஸ்கோப்பியில் வலையைக் குடல் பக்கமாகவே வைக்கும் முறையும் உண்டு. அதற்குக் குடல் ஒட்டாதபடி ஒரு பக்கம் பூச்சுள்ள வலை வேண்டும், விலை கூடுதல். இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டினால், பக்கத் தசை அடுக்குகளைப் பிரித்து நடுவுக்குக் கொண்டுவரும் பெரிய ஆபரேஷன் தேவைப்படலாம். கர்ப்பப்பை எடுத்தவர்கள், சிசேரியன் ஆனவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சிறுநீர்ப்பை பழைய தழும்போடு ஒட்டியிருக்கக்கூடும். வலையின் கீழ் ஓரத்தை அடிவயிற்று எலும்புக்குப் பின்னால் இறக்க அதைப் பிரித்தெடுக்க வேண்டும். அப்போது காயம் படலாம். பழைய ஆபரேஷன்களின் டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் கொண்டுபோகச் சொல்வது இதற்காகத்தான்.

ஆபரேஷன் ஆனபின் வீக்கம் இருந்த இடத்திலேயே சில வாரம் நீர் கோத்து நிற்கலாம். ஹெர்னியா திரும்பி வந்துவிட்டதென்று பயந்து வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது தானாக வற்றிவிடும். ஊசி போட்டு இழுத்தால் கிருமி உள்ளே போக வழியாகும். கனம் தூக்குவதை ஆறிலிருந்து எட்டு வாரமாவது தள்ளிப்போட வேண்டும்.

இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்கள், வலியும் ஆபத்தும் இல்லாத வரை, அந்தப் பிரசவம் முடியும்வரை வலை வைப்பதைத் தள்ளிப்போடலாம். பெல்ட் அதுவரை வலியைக் குறைக்கும்; ஓட்டையை அடைக்காது. ஆனால் ஒருநாள் வீக்கம் படுத்தாலும் உள்ளே போகாமல் கல்லாக இறுகி, தொட்டால் துடிக்கும் வலியும் வாந்தியும் வந்து, வாயு பிரிவதும் நின்றால், குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள். அதை அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காமல், எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், அந்த மணி நேரத்திலேயே ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும்.